மாணவி நான்கின் தாயார்

திருவனந்தபுரத்தில் நான் பி.எட். படித்த கல்லூரியில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் ஏழே பேர். மலையாளம் எடுத்தவர்களுக்குப் பெரிய ஹால் இருந்தது. எங்களுக்கு மாடிப்படியை ஒட்டி ஓர் அறை. பழைய சார்ட்டுகளும், மூலையில் பாதி கழன்ற பூகோள உருண்டையும், நாங்களும் அதில் இருந்தோம். கையடக்கமான குடும்பம் என்று டீச்சர் எங்களைச் சொல்வார். குடும்பம் என்றால் ஒருவர் சமைத்ததை மற்றவர்கள் வாயைத் திறக்காமல் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை அப்போது இனித்தது.

எங்கள் ஏழு பேருக்கும் ஒரே டீச்சர்தான். ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வகுப்பில் சுத்தமான எழுத்துத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் வீட்டுத் தமிழ் வரும். ஆனால் கோபம் வருவது அபூர்வம். பசித்த முகத்தோடு யாராவது வந்தால் கண்டுபிடித்து, தன் டிபன் டப்பாவைத் தள்ளிவிடுவார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

பி.எட். படிக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படிப்பில் பரீட்சையைவிடப் பெரிய விஷயம் லெசன் பிளான். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுக்கப்போகிறோம், என்ன கேள்வி கேட்போம், பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்பது உட்பட எல்லாவற்றையும் முதல் நாளே எழுதி, டீச்சரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் வகுப்புக்குள் போக முடியாது. பயிற்சிக்காகச் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். நாங்கள் பாடம் நடத்த, கடைசி பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்புதான் மார்க். அந்த மார்க்தான் வேலை.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. டீச்சர் அப்போது வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். மலையாளத்துக்கு நடுவே வளர்கிற தமிழ்ப் பிள்ளைகள் எங்கே தமிழ் பேசுகிறார்கள், எங்கே அதை விட்டுவிடுகிறார்கள், ஏன் என்பதுதான் விஷயம். ஆராய்ச்சிக்கு ஆள் தேட அவர் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியோரத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு நாள் லெசன் பிளான் கட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். எங்கள் வகுப்புகளை டேப்பில் பதிவு செய்யப்போவதாகவும், பிறகு தனித்தனியாகப் பேட்டி எடுக்கப்போவதாகவும், பெயர் எங்கும் வராது என்றும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. யாரும் அவரை அப்படியொரு காகிதம் தயாரிக்கச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இதற்கெல்லாம் அனுமதி கேட்பவர்கள் குறைவு. அவராகவே செய்தார். முடித்துவிட்டுச் சொன்னார்: “நிர்பந்தம் ஒண்ணும் கிடையாது, கேட்டேளா. மார்க்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

அவர் அப்படிச் சொல்லும்வரை எங்களில் யாருக்கும் மார்க் ஞாபகமே வரவில்லை.

என் பக்கத்தில் உட்காரும் பாறசாலைப் பெண் மட்டும், “வேண்டாம்னா என்ன டீச்சர்?” என்று கேட்டாள். சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பிள்ளை, எதையும் முகத்துக்கு நேரே கேட்பவள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று டீச்சர் சிரித்தார். நாங்கள் ஆறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தோம். வெறுமனே பார்த்தோம், வேறொன்றும் செய்யவில்லை. அவள்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் போட்டு முடித்ததும், அதே பேனாவால் டீச்சர் எங்கள் லெசன் பிளான்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அம்மா வீட்டில் இட்லி மாவு ஆட்டி, தூக்குவாளிகளில் ஊற்றி, ஸ்ரீவராகம் தெருக்களில் வாடிக்கை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மலையாளம் புரியும். பேச வாயைத் திறந்தால் இரண்டாவது வார்த்தையிலேயே ஊர் தெரிந்துவிடும். எனக்கோ மலையாளம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பள்ளிக்கூடத்தில் தமிழர்களைக் கேலி செய்யும் ‘பாண்டி’ என்ற பெயரால் என்னைக் கூப்பிட்டவர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே பதில் கொடுக்கக் கற்றுக்கொண்டவள் நான். கற்றுக்கொண்டபின், வீட்டைத் தவிர வேறெங்கும் தமிழச்சியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. தமிழைப் படித்தால் சீட் கிடைக்கும் என்பதால் தமிழ் எடுத்தேன், அவ்வளவுதான்.

பஸ்ஸில் போகும்போது அம்மா என்னோடு பேசக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். சட்டம் என்று வாயால் சொன்னதில்லை. அவள் பேச ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இரண்டு மூன்று தடவையில் அவளுக்குப் புரிந்துபோனது. அதற்குப் பிறகு இறங்குகிற இடம் வந்தால் என் முழங்கையைத் தொடுவாள்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. டிகிரி படிக்கும்போது ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் கூடப் படிக்கும் பெண்களோடு நின்றிருந்தேன். அம்மா ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் எனக்குக் குடையுமாக, தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்தாள். குடையைக் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள். யாரது என்று ஒருத்தி மலையாளத்தில் கேட்டாள். வீட்டுக்கு மாவு கொண்டுவருகிற அக்கா என்று மலையாளத்தில் சொன்னேன். பொய் என்று யாராலும் சொல்ல முடியாத பொய் அது. பஸ் இரைச்சலில் அம்மாவுக்குக் கேட்டிருக்காது என்று அன்றைக்கே முடிவு செய்து, அந்த முடிவைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. டீச்சரிடம் சொன்னேன்.

பேட்டி ஸ்டாஃப் ரூமில் நடந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். டேப் ரெக்கார்டரை ஒரு புத்தகத்தின்மேல் வைத்து, சின்ன வயதில் தன்னைப் ‘பட்டத்தி’ என்று கிண்டல் செய்த கதையை டீச்சர் முதலில் சொன்னார். மலையாளிகள் அக்கிரகாரத்துத் தமிழரைப் ‘பட்டர்’ என்பார்கள். பெண்பிள்ளைக்கு ‘பட்டத்தி’. அவரும் பட்டிருக்கிறார் என்று கேட்டதும் எனக்கு மனசு இளகியது. நான் பஸ் கதையைச் சொன்னேன். அவர் நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்கார்ந்தார். அந்த நகர்தலை நான் பார்த்தேன். வகுப்பில் நல்ல பதில் சொன்னால் அவர் அப்படித்தான் செய்வார். அதனால் இன்னும் நல்ல பதிலாக, குடைக் கதையையும் சொன்னேன். டேப் ஓடுவதை மறந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சிவப்பு விளக்கு என் கண்ணெதிரில்தான் எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் கேட்கிறார், எனக்குத் தெரிந்த பதில் இருக்கிறது, சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பதினாறு பதினேழு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து பழகிய புத்தி வேறு எப்படி வேலை செய்யும்? கடைசியில் அழுதேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். வெளியே வந்தபோது பாரம் குறைந்த மாதிரிதான் இருந்தது.

பிறகு ஒரு கருத்தரங்கம் வந்தது. ஊரில் வேறொரு கல்லூரியில், மொழி பற்றியது. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. பேச வருகிறவர்கள் நிறையப் பேர், கேட்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர் என்று ஆகிவிடும். எனவே ஹாலை நிரப்ப பி.எட். பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். அட்டெண்டன்ஸ் கிடைக்கும், மதியம் சாப்பாட்டுப் பொதி கிடைக்கும். எங்கள் டீச்சரும் கட்டுரை வாசிக்கிறார் என்பதால் நாங்கள் ஏழு பேரும் சந்தோஷமாகவே போனோம். நல்ல சேலை கட்டிக்கொண்டு, முன்னால் இருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

மாணவி ஒன்று, மாணவி இரண்டு என்று டீச்சர் வாசித்துக்கொண்டு போனார். கேட்கிறவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அவர் பட்ட பாடு தெரிந்தது. பாறசாலை வேறு ஊராகியிருந்தது, அப்பாக்களின் தொழில் மாறியிருந்தது. மாணவி நான்கின் தாயார் கீரை விற்பவர் என்று வாசித்தபோது அது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு சந்தையாகியிருந்தது. குடை மட்டும் குடையாகவே இருந்தது. தோழிகள் கேட்டபோது ‘வீட்டுக்குக் கீரை கொண்டுவருகிற பெண்’ என்று மாணவி நான்கு சொன்னதாக டீச்சர் வாசித்து, கொஞ்சம் நிறுத்தினார். ஹாலில் ‘த்சொ’ என்று ஒரு சத்தம் எழுந்தது.

அந்த ஹாலில் இருந்த பேராசிரியர்கள் யாருக்கும் நான் யாரென்று தெரியாது. டீச்சர் என்னை அவர்களிடமிருந்து நன்றாகத்தான் ஒளித்திருந்தார். ஆனால் என்னைத் தெரிந்தவர்கள் ஆறு பேர் என் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரில் விற்பனைக்குத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற அம்மா ஒருத்திக்குத்தான் உண்டு. அந்த ஆறு பேரில் ஒருத்தியின் வீடு அம்மாவின் வாடிக்கை. அன்று காலையில்கூட அவள் எங்கள் மாவில் சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள். டீச்சருக்கு அது ஏன் தோன்றவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எங்களை அவர் ஆள் சேர்க்கக் கூட்டிவந்த பிள்ளைகளாகத்தான் நினைத்திருந்தார். கேட்கிறவர்களின் கணக்கில் எங்களை அவர் சேர்க்கவே இல்லை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கு வாய் உண்டு. சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தபோது வாடிக்கை வீட்டுக்காரி தன் அப்பளத்தை என் இலையில் வைத்தாள். எனக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை. பாறசாலைக்காரி மட்டும் திரும்பி வரும் பஸ்ஸில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “அம்மைக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவள் அவள். தெரியாது என்றேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். போகும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன். லெசன் பிளான் எழுதிப் பழகியவள் அல்லவா, அவர் என்ன பதில் சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்பதுவரை தயாராக இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று காகிதத்தில் இருக்கிறது, என் பகுதியை எடுத்துவிடுங்கள் டீச்சர். இவ்வளவுதான் விஷயம்.

டீச்சர் என் லெசன் பிளானைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உட்காரச் சொன்னார். தன் ஆராய்ச்சி வழிகாட்டிக்கு என் பகுதிதான் மிகவும் பிடித்ததாம். பெற்றவர்கள் பக்கத்தையும் கேட்டால் அத்தியாயம் முழுமையாகும் என்று சொன்னாராம். என் அம்மாவை வீட்டில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். பெயர் வராது என்று மறுபடியும் சொன்னார். பிறகு பேனாவை மூடாமல் கையில் பிடித்தபடியே, “உனக்கு சிரமம்னா வேண்டாம், கேட்டியோ” என்றார்.

பேனாவுக்குக் கீழே என் லெசன் பிளான் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை. அது அங்கே கிடக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. இறுதிப் பயிற்சி வகுப்புக்கு நாள் நெருங்கிவிட்டிருந்தது. “சிரமமில்லை டீச்சர்” என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். பூனைக்கு மணி கட்டப் போன எலி, பூனையை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு வந்திருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே பயம்தான். டீச்சர் கேட்கிற கேள்வியில் குடைக் கதை வெளியே வந்துவிடக் கூடாது. அம்மாவுக்கு அது தெரியாது என்ற நம்பிக்கையில்தான் இத்தனை வருஷம் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனவே அம்மாவை முன்கூட்டியே தயார் செய்தேன். டீச்சர் படிப்புக்காகச் சில கேள்விகள் கேட்பார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், ஊர்க்கதை இழுக்க வேண்டாம் என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறாளே என்ற எரிச்சலில், “அவங்கதான் எனக்கு மார்க் போடுறவங்க, தெரிஞ்சுக்கோ” என்று சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. டீச்சர் எங்களிடம் சொன்னதற்கு நேர் எதிரானது அது. ஆனால் எங்களுக்குப் புரிந்தது அதுதான் என்பதால் அதையே நான் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டீச்சர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் வந்தார். அம்மா அன்று மாவு கொண்டுபோகவில்லை. குளித்து, விசேஷத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை டீச்சருக்குப் போட்டுவிட்டு, தான் தரையில் உட்காரப் போனாள். டீச்சர் விடவில்லை, தானும் பாயில் உட்கார்ந்தார். அந்த மரியாதையில் அம்மா இன்னும் பதறிப்போனாள்.

டீச்சர் அந்தக் காகிதத்தை எடுத்து நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு வரி போவதற்குள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அம்மா கேட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பிராக்ரஸ் கார்டில் போட்டுப் பழகிய கை. முழுக்கக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் பேச வேண்டியதில்லை, மகளின் மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டீச்சர் பொறுமையாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசி வாக்கியத்துக்கு மட்டும் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். டேப் ஓட ஆரம்பித்தது.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. ஊர், கல்யாணம், இங்கே வந்த கதை, வாடிக்கை வீடுகளில் என்ன பாஷை பேசுவாள் என்பது. அம்மா ஒவ்வொரு பதிலையும் மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொன்னாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. போகவும் என்னால் முடியவில்லை.

பிறகு டீச்சர், எழுதிவைத்திருந்த கேள்வியைப் பார்த்துக் கேட்டார்: “வெளியில போகும்போது பொண்ணு உங்களோட என்ன பாஷை பேசுவா?”

“தமிழுதான் டீச்சர்” என்றாள் அம்மா. “பஸ்ஸுல வச்சுகூட சத்தமாத்தான் பேசுவா. நாந்தான் மெல்லப் பேசுட்டின்னு சொல்லுவேன்.”

டீச்சரின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. என் வாயிலிருந்து அவர் கேட்டது வேறு கதை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அப்படிக் காத்திருப்பார்கள், பேசுகிறவர் தானாகவே இன்னும் கொஞ்சம் சொல்வார் என்று. ஆனால் வகுப்பில் டீச்சர் பேசாமல் இருந்தால் பதில் போதவில்லை என்று அர்த்தம். அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பதில் போதவில்லை, மார்க் குறைந்துவிடும். அவசரமாகச் சேர்த்தாள்.

“ஒருநாள் மழையில கோட்டை ஸ்டாண்டுக்குக் குடை கொண்டுட்டுப் போனேன் டீச்சர். கூடப் படிக்குத பிள்ளைய எல்லாம் நின்னுச்சுவ. யாருன்னு கேட்டதுக்கு, இது எங்க அம்மைன்னு சொன்னா. என் காதால கேட்டேன்.”

யாரும் அவளிடம் குடையைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொல்லாததை, எந்த இடத்தில் சொல்லவில்லையோ அந்த இடத்திலேயே வைத்து, எனக்காகச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு அன்றைக்கே எல்லாம் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு, அந்த வாளியோடு வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் போய் மாவு ஊற்றிவிட்டு, ராத்திரி எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. டேப்பின் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா பயந்துவிட்டாள். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை என்று டீச்சர் சொன்னார். அம்மா கைகூப்பினாள். “தப்பிருந்தா என் தப்பு டீச்சர், பிள்ளைக்கு மார்க்கக் கொறச்சிராதீங்க.”

டீச்சர் அவள் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். என்னவோ சொல்லப் பார்த்தார். மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற வாக்கியம் அவர் தொண்டை வரைக்கும் வந்திருக்கும், சொல்லவில்லை. சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். காப்பியை நின்றபடி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் பிறகு செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, என் டேப்பையும் அம்மாவின் டேப்பையும் என் கையில் கொடுத்தார். இரண்டு பேருடைய பகுதியும் ஆராய்ச்சியில் இருக்காது என்றார். ஆனால் ஹாலில் வாசித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழியில்லை என்றும் அவரே சொன்னார். முதல் நாளே வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்டவர் மாதிரி மேஜையைப் பார்த்தார். இறுதிப் பயிற்சி வகுப்பில் எனக்கு மார்க் போடுவது சரியில்லை என்று தானே விலகிக்கொண்டு, மலையாளம் எடுக்கும் சாரை அனுப்பினார். அந்த மனுஷன் நான் நடத்திய தமிழ்ப் பாடம் பாதி புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். மார்க் சுமாராகத்தான் வந்தது. என்னோடு படித்தவர்கள், டீச்சருக்கு உன்மேல் கோபம், அதுதான் வரவில்லை என்றார்கள். அவர் எனக்காகச் செய்த அந்த நேர்மையான காரியமும் தண்டனையாகவே எல்லோர் கண்ணிலும் பட்டது. நானும் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்தால் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தச் சனிக்கிழமை, டீச்சரை ஆட்டோ ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். அம்மா நல்ல சேலையை மாற்றாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் குடித்த டம்ளர் அவள் முன்னால் இருந்தது. காலில் விழலாம், இல்லை ஒன்றும் தெரியாத மாதிரி உள்ளே போய்விடலாம் என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தவளின் கவலை மட்டும்தான் இருந்தது.

“நான் சொன்னதெல்லாம் சரிதானட்டி?” என்று கேட்டாள்.

சரிதான் என்றேன்.